குற்றம் யாருடையது? தேவை யாருடையது?

"தவறு செய்தவர் அவர், அடிபட்டவள் நான். அப்படியிருக்க, என் தையல் கூலி எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு ஆகிறது என்று என்னிடம் ஏன் கணக்குக் கேட்கிறார்கள்?" நீதிமன்ற வாசலில் நிற்கும் பெண்கள் பலருடைய நெஞ்சில் இக்கேள்வி எழுகிறது. மறுபுறம் கணவனும் கேட்கிறான்: "வீட்டை விட்டுப் போனவள் அவள். போனவளுக்கு நான் ஏன் மாதந்தோறும் பணம் கொடுக்கவேண்டும்?" இருவருடைய கேள்வியிலும் ஒரே குழப்பம் அடங்கியிருக்கிறது. குற்றத்தைப் பற்றிய கேள்வியையும் பிழைப்பைப் பற்றிய கேள்வியையும் இருவரும் ஒன்றாகவே எண்ணிவிடுகின்றனர்.

சட்டம் இவ்விரண்டையும் தனித்தனியே வைத்துப் பார்க்கிறது. இந்த மணவாழ்வு முடிவுக்கு வரவேண்டுமா, வரவேண்டுமாயின் எக்காரணத்தால் என்பது முதற் கேள்வி. பிரிந்தபின் யார் கையில் வசதி இருக்கிறது, யார் வாழ வழியின்றி நிற்கிறார் என்பது இரண்டாம் கேள்வி. முதற் கேள்விக்குச் சாட்சிகள் விடை கூறவேண்டும். இரண்டாம் கேள்விக்குப் பெரும்பாலும் வரவு செலவுக் கணக்கே விடை கூறும். இவ்வேறுபாட்டை அறியாமல் வழக்காடச் சென்று, ஆண்டுகளையும் பணத்தையும் இழந்த குடும்பங்கள் உண்டு. ஆகவே நம் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குரிய சட்டம் இதனை எவ்வாறு நடத்துகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மணப் பிணைப்பைப் பற்றிய திருச்சபையின் போதனையை நம் வாசகர்கள் அறிவார்கள். அப்போதனையை ஏற்று வாழும் குடும்பங்களிலும் பிரிவு நேர்ந்துவிடுகிறது. அப்போது பிள்ளைகளின் சோற்றுக்கும் படிப்புக்கும் வழி தேடும் இடம் நாட்டின் நீதிமன்றமே.

குற்றத்தை அடிப்படையாகக் கொண்ட சட்டம்

இந்தியக் கிறிஸ்தவர்களின் மணமுறிவுக்கான சட்டம் ஆங்கிலேயர் ஆட்சியில், 1869-இல் இயற்றப்பட்டது. அக்காலத்து இங்கிலாந்தின் எண்ணப்போக்கே அதில் பதிந்திருந்தது. ஒருவர் குற்றம் செய்திருக்கவேண்டும். மற்றவர் குற்றமற்றவராய் இருக்கவேண்டும். குற்றமற்றவர் கேட்டால் நீதிமன்றம் அவரை விடுவிக்கும் என்பதே அதன் அடிப்படை. குற்றத்தை அளப்பதிலும் ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு வேறோர் அளவு இருந்தது. மனைவி பிறர்மனை நாடினாள் என்று மெய்ப்பித்தால் கணவனுக்கு அதுவே போதும். கணவனோ பிறர்மனை நாடியதோடு கொடுமையும் செய்திருந்தால்தான், அல்லது இரண்டாண்டு மனைவியைக் கைவிட்டும் இருந்தால்தான் மனைவிக்கு வழி உண்டு. அடித்து உதைத்ததை மட்டும் காட்டி அவள் மணமுறிவு பெற இயலாது.

இந்த அநீதி நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1995-இல் கேரள உயர்நீதிமன்றம் இவ்விதியின் பகுதிகளைச் செல்லாதென அறிவித்து, கொடுமையும் கைவிடுதலும் தனித்தனியே போதுமான காரணங்கள் எனத் தீர்ப்பளித்தது. 2001-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. இப்போது அதன் 10-ஆம் பிரிவிலுள்ள காரணங்கள் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானவை. பிறர்மனை நயத்தல், உடன் வாழ்வது தீங்காகும் என்று நியாயமாக அஞ்சும் அளவுக்குக் கொடுமை செய்தல், மனுவுக்கு முன் குறைந்தது இரண்டாண்டுகள் கைவிட்டிருத்தல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. ஏழாண்டுகள் உயிரோடிருப்பதாகச் செய்தியே இல்லாமற் போதல், தீராத மனநோய் போன்ற சில காரணங்களும் உள்ளன. இவற்றில் ஒருவர்மேலும் பழி இல்லை, நேர்ந்தது துன்பமே. ஆகவே, குற்றம் என்ற அடிப்படை முற்றும் உறுதியானதாய் அன்றே இருக்கவில்லை என்பதையும் நாம் கவனிக்கவேண்டும்.

இருவரும் இசைந்து கேட்கும் வழி

அதே 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் 10ஏ என்னும் புதிய பிரிவையும் சேர்த்தது. இங்கே எவர்மேலும் குற்றம் சாட்டவேண்டியதில்லை. "நாங்கள் இரண்டாண்டுகளோ அதற்கு மேலோ தனித்தனியே வாழ்கிறோம், சேர்ந்து வாழ இயலவில்லை, மணவாழ்வை முடித்துக்கொள்ள இருவரும் இசைகிறோம்" என்று கணவனும் மனைவியும் ஒரே மனுவில் கையொப்பமிட்டுக் கேட்பது இவ்வழி. மனு கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குப் பின்னும் பதினெட்டு மாதங்களுக்கு உள்ளும் இருவரும் மீண்டும் நீதிமன்றத்தின்முன் வந்து தம் இசைவை உறுதிப்படுத்தவேண்டும். இந்துக்களுக்கும், பதிவுத் திருமணம் செய்தோருக்கும் ஓராண்டுப் பிரிவே போதுமென்றிருக்க, கிறிஸ்தவர்களுக்கு மட்டும் இரண்டாண்டுகள் என்பது சமத்துவமாகாது என்று கூறி, கேரள உயர்நீதிமன்றம் 2010-இல் அதனை ஓராண்டு என்றே கொள்ளவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 2022-இல் அந்த ஓராண்டுக் காத்திருப்பையும் செல்லாதென்றது. சட்டப் புத்தகத்தின் எழுத்தில் இரண்டாண்டு என்றே இருக்கிறது.

குற்றவழிச் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பிரிய விரும்பும் இருவரும் தமக்குள் பேசிக்கொண்டு, ஒருவர் செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டு, வழக்கை ஒரு நாடகமாக நடத்தக்கூடும். அதனைத் தடுக்கவே, மனுதாரர் எதிர்த்தரப்போடு கூடிச் சூழ்ந்திருந்தால் மனுவைத் தள்ளுபடி செய்யும்படி பழைய சட்டம் நீதிபதிக்குக் கட்டளையிட்டது. 10ஏ பிரிவு வந்தபின் பொய் சொல்லவேண்டிய தேவை நீங்கியது. ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இருவரில் ஒருவர் இசையாவிட்டால் இவ்வழி அடைபட்டுவிடும். "மணவாழ்வு மீளமுடியாதபடி சிதைந்துவிட்டது" என்ற காரணத்தைக் குடும்ப நீதிமன்றத்தில் கூறி மணமுறிவு பெற நம் சட்டத்தில் இடமில்லை. உச்சநீதிமன்றம் மட்டும் அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவு அளிக்கும் தனி அதிகாரத்தால் அவ்வாறு செய்யலாம் என்பது 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதையும் உரிமையாக எவரும் கேட்க இயலாது.

ஒரு குடும்பத்தின் நிலை

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கணவர் தூத்துக்குடியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் பிட்டர். மணமாகிப் பதினொரு ஆண்டுகள். ஒன்பது வயதில் ஒரு மகள். குடியும் அடியும் பொறுக்கமாட்டாமல் மனைவி மூன்று ஆண்டுகளுக்கு முன் மகளுடன் நாகர்கோவிலுக்குச் சென்றாள். அங்கே வாடகை வீட்டில் இருந்துகொண்டு துணி தைத்துக் கொடுக்கிறாள். கணவர் பணம் அனுப்புவதில்லை. "அவளாகப் போனாள், வந்தால் வைத்துக்கொள்கிறேன்" என்பது அவர் வாதம்.

அவளுக்கு வழிகள் பல. கொடுமையைக் காட்டி மணமுறிவு கேட்கலாம். கணவர் இசைந்தால் 10ஏ பிரிவின்கீழ் இருவரும் கேட்கலாம். மணப் பிணைப்பை முறிக்க மனம் ஒப்பாவிட்டால், அச்சட்டத்தின் 22-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றப் பிரிவினையைக் கேட்கலாம். பிறர்மனை நயத்தல், கொடுமை, இரண்டாண்டுக் கைவிடுதல் ஆகியவை அதற்குக் காரணங்கள். சேர்ந்து வாழும் கடமை நீங்கும், மணம் நிலைத்திருக்கும். இவை ஒன்றையும் கேளாமல் ஜீவனாம்சம் மட்டுமே கேட்கவும் அவளுக்கு உரிமை உண்டு. இக்கடைசி வழியை நம் குடும்பங்களில் பலர் அறிவதில்லை. ஜீவனாம்சம் வேண்டுமென்றால் மணமுறிவு வழக்குப் போட்டே ஆகவேண்டும் என்று எண்ணிக்கொள்கின்றனர்.

கொடுமையைக் காட்டும் வழியில் சென்றால் அவளிடம் என்ன இருக்கவேண்டும்? கொலை வழக்கில் கேட்பது போன்ற ஐயத்துக்கிடமில்லாத மெய்ப்பு இங்கே வேண்டியதில்லை. எது நடந்திருக்கக்கூடும் என்று நீதிபதி நிறுத்துப் பார்ப்பார். அரசு மருத்துவமனையில் காயத்துக்கு மருந்து வாங்கிய சீட்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது தந்த ரசீது, அன்றிரவு கதவைத் தட்டி அடைக்கலம் கேட்ட அண்டைவீட்டாரின் சாட்சியம் ஆகியவை பேசும். "அவர் எப்போதும் கொடுமைக்காரர்" என்று பொதுவாக எழுதிய மனு பேசாது. எந்த மாதம், எந்த இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார் என்று எழுதவேண்டும். வழக்கில் தோல்வி பெரும்பாலும் இவ்விடத்தில்தான் நேர்கிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் எதையும் எழுதி வைத்திருப்பதில்லை. மருந்துச் சீட்டிலும் "படியில் விழுந்தேன்" என்றே சொல்லி எழுதவைத்திருப்பாள்.

இசைவு வழியில் வேறொரு கண்ணி உண்டு. முதல் மனுவில் கையொப்பமிட்ட கணவர், ஆறு மாதத்துக்குப் பின் வரவேண்டிய நாளில் வராமல் இருந்துவிடலாம். இசைவைத் திரும்பப் பெறலாம். அதற்குள் மனைவி நகையைத் திருப்பிக் கேட்பதை விட்டிருப்பாள். மற்ற வழக்குகளை வாபஸ் வாங்கியிருப்பாள். ஆகவே எந்தத் தொகையை எந்த நாளில் கொடுப்பது, எந்த வழக்கை எந்த நாளில் திரும்பப் பெறுவது என்பதை மனுவிலேயே படிப்படியாக எழுதி, தொகையின் ஒரு பகுதியை நீதிமன்றத்திலேயே கட்டச்செய்வது அறிவுடைமை. இன்னொன்றையும் மறவாதிருப்போம். "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று மனைவி தன் பொருட்டு எழுதிக்கொடுத்தாலும், மகளுடைய பராமரிப்பு உரிமையைத் தாய் விட்டுக்கொடுக்க இயலாது. அது குழந்தையின் சொந்த உரிமை.

கணக்கின் நியாயம்

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். பழைய சட்டம் வழக்கு நடக்கும் காலத்தில் மனைவிக்குக் கொடுக்கும் தொகை, கணவனின் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது என்று வரம்பு கட்டியிருந்தது. 2001-இல் அவ்வரம்பு நீங்கியது. வழக்கு நடக்கும் காலத்துக்கான தொகையை 36-ஆம் பிரிவின்கீழ் மனைவி கேட்கலாம். கணவனுக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை அறுபது நாளுக்குள் அதனை முடிக்கவேண்டும் என்பது சட்டம். எல்லா மதத்தினருக்கும் பொதுவான வழி ஒன்றும் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக விளங்குகிறது. தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத மனைவியையும் குழந்தைகளையும், வசதியிருந்தும் புறக்கணிக்கும் கணவனைக் கொடுக்கவைப்பதே அதன் நோக்கம். அவர்கள் தெருவில் நிற்கக்கூடாது என்பதே அதன் கவலை.

தொகையை எவ்வாறு முடிவுசெய்வது என்பதற்கு உச்சநீதிமன்றம் 2020 நவம்பர் 4-இல் ஒரு நெறி வகுத்தது. இரு தரப்பினரும் தம் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் காட்டவேண்டும். எங்கெங்கு எந்தெந்தச் சட்டத்தின்கீழ் தொகை கேட்டிருக்கிறார்கள் என்பதையும் அதில் மறையாது சொல்லவேண்டும்; ஓரிடத்தில் கிடைத்தது மற்றோரிடத்தில் கழிக்கப்படும். இருவரும் வாழ்ந்த வாழ்க்கையின் தரம், மனைவியின் படிப்பும் உண்மை வருமானமும், குடும்பத்துக்காக அவள் வேலையை விட்டிருந்தால் அந்த இழப்பு, மணவாழ்வு நீடித்த காலம், கணவனின் சக்தியும் அவனை நம்பியிருப்போரும் ஆகியவற்றை நீதிபதி நிறுத்துப் பார்ப்பார். கட்டுரையின் தொடக்கத்தில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். அவளிடம் கணக்குக் கேட்பது அவளைச் சந்தேகித்து அன்று; அவளுடைய குறை எவ்வளவு என்று அறிவதற்கே.

நம் உதாரணக் குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணவர் தம் கைக்கு வருவது மாதம் 25,000 ரூபாய்தான் என்கிறார். சம்பளச் சீட்டு வரவழைக்கப்படுகிறது. மொத்தச் சம்பளம் 45,000. அதில் வருங்கால வைப்பு நிதி போன்ற கட்டாயப் பிடித்தம் 4,000. எஞ்சிய 41,000-இல், மோட்டார் சைக்கிளுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு 9,000, ஆயுள் காப்பீட்டுக்கு 3,000, சீட்டுக்கு 4,000 என்று தாமே விரும்பி 16,000 பிடிக்கச் செய்திருக்கிறார். கட்டாயப் பிடித்தத்தை நீதிமன்றம் கழிக்கும். தாமே ஏற்படுத்திக்கொண்ட சேமிப்பையும் கடனையும் மனைவி மக்களின் உணவுக்கு முன்னே வைக்காது. ஆகவே கணக்கில் கொள்ளும் வருமானம் 41,000. அவருடைய வயது முதிர்ந்த தாயின் மருந்துக்கும் உணவுக்கும் 4,000 ஆகிறது. அது மெய்யான சுமை, அது ஏற்கப்படும்.

மனைவியின் செலவு: வாடகை 5,000, உணவு 6,000, மருந்து முதலியவை 3,000, ஆக 14,000. தையலில் அவளுக்கு வருவது 6,000. குறை 8,000. மகளின் பள்ளிச் செலவுக்கு 2,500, உணவுக்கும் உடைக்கும் 3,500, ஆக 6,000. இரண்டும் சேர்ந்து மாதம் 14,000 ரூபாய். அதைக் கொடுத்து, தாய்க்குரிய 4,000 போக, கணவரிடம் 23,000 எஞ்சும். அவரும் வாழலாம், இவர்களும் வாழலாம். மனைவிக்குக் கணவனின் நிகரச் சம்பளத்தில் நூற்றுக்கு 25 பங்கு நியாயமாக இருக்கும் என்று உச்சநீதிமன்றம் 2017-இல் ஒரு வழக்கில் கூறியது. இங்கே அப்படிப் பார்த்தால் 10,250 வரும். ஆனால் அது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் கட்டளை அன்று. நீதிபதி இத்தொகையைக் கூட்டவும் குறைக்கவும் கூடும்.

"அவள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள், நினைத்தால் கடையில் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கலாம்" என்று கணவர் தரப்பில் சொல்லப்படும். சம்பாதிக்கும் திறமை இருப்பது வேறு, உண்மையில் சம்பாதிப்பது வேறு என்று உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் மனைவியும் ஒன்றை அறியவேண்டும். தையலில் வரும் 6,000-ஐ மறைத்து "ஒரு காசும் வருமானம் இல்லை" என்று பத்திரத்தில் எழுதி, பின்னர் அது வெளிப்பட்டால், அவளுடைய மற்ற உண்மைகளும் எடையிழக்கும். சிறிய வருமானம் இருப்பதால் உரிமை போய்விடாது. அதனை மறைப்பதால்தான் கேடு வரும்.

தொகை எந்த நாளிலிருந்து சேரும்? மனுவைக் கொடுத்த நாளிலிருந்து என்பது 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நெறி. மனு கொடுத்து 14 மாதங்கள் கழித்து ஆணை வந்தது என்று கொள்வோம். 14,000 வீதம் 14 மாதத்துக்கு 1,96,000 ரூபாய். இடையில் இடைக்கால ஆணைப்படி மாதம் 7,000 வீதம் 12 மாதங்கள் கணவர் கொடுத்த 84,000 கழிய, பாக்கி 1,12,000. இதனைக் கட்டாவிட்டால், தொகை கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனைவி நிறைவேற்று மனுப் போடவேண்டும். அந்த ஓராண்டைத் தவறவிட்டு அவதிப்படுவோர் பலர். காரணமின்றிக் கொடாதவனை, ஒவ்வொரு மாதத்துப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை நீதிமன்றம் சிறையிலிடலாம். சிறை சென்று வந்ததால் கடன் தீர்ந்துவிடாது. பாக்கி பாக்கியாகவே நிற்கும்.

குற்றம் மீண்டும் நுழையும் இடம்

அப்படியாயின் ஜீவனாம்சத்தில் குற்றத்துக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் அது குறுகிய இடம். கிறிஸ்தவ மணமுறிவுச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சத்தைப் பற்றியது. மனைவி மணமுறிவோ நீதிமன்றப் பிரிவினையோ பெறும்போது, அவளுடைய சொத்து, கணவனின் சக்தி, இருவருடைய நடத்தை ஆகிய மூன்றையும் கருதி, மொத்தமாகவோ தவணையாகவோ ஒரு தொகையை நீதிமன்றம் விதிக்கலாம். நடத்தை என்ற அந்த ஒரு சொல்லில் பழைய குற்றவழி நியாயம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் உதாரணத்துப் பெண் கொடுமையை மெய்ப்பித்திருந்தால், அது அவள் பக்கம் எடையைக் கூட்டும்.

பொதுச் சட்டமான 144-ஆம் பிரிவிலும் மூன்று தடைகள் உள்ளன. பிறனோடு கூடி வாழும் மனைவிக்கும், தக்க காரணமின்றிக் கணவனோடு வாழ மறுப்பவளுக்கும், இருவரும் இசைந்து பிரிந்து வாழ்கையிலும் தொகை இல்லை. "அவளாகப் போனாள்" என்று கணவர் சொல்வது இந்த இரண்டாம் தடையை நாடியே. அடிக்கு அஞ்சிப் போனது தக்க காரணம் என்று அவள் காட்டினால் அத்தடை விழுந்துவிடும்.

ஆனால் மணமுறிவு ஆனபின் நிலை மாறுகிறது. மறுமணம் செய்யாத, மணமுறிவு பெற்ற பெண்ணையும் இப்பிரிவு 'மனைவி' என்றே கொள்கிறது. 2000-இல் உச்சநீதிமன்றத்தின்முன் ஒரு வழக்கு வந்தது. மனைவி கைவிட்டுச் சென்றாள் என்ற காரணத்தால் கணவன் மணமுறிவு பெற்றிருந்தான். குற்றம் அவளுடையது என்று தீர்ப்பே இருக்கையில் அவளுக்கு ஜீவனாம்சமா என்று அவன் கேட்டான். உடன் வாழ மறுத்தாள் என்ற தடை மணம் நிலைத்திருக்கும் வரைதான். மணம் முறிந்தபின் உடன் வாழும் கடமையே இல்லை. ஆகவே தன்னைக் காத்துக்கொள்ள இயலாத அவளுக்கு அவன் கொடுக்கவேண்டும் என்றது நீதிமன்றம். இசைந்து மணமுறிவு பெற்றவளுக்கும், 'இசைந்து பிரிந்து வாழ்பவள்' என்ற தடை பொருந்தாது என்று 1995-இலேயே அம்மன்றம் கூறியிருந்தது. இவை இந்துக் குடும்பங்களின் வழக்குகளாயினும், பிரிவு பொதுவானது என்பதால் கிறிஸ்தவக் குடும்பத்துக்கும் பொருந்தும். தொடக்கத்தில் கணவன் கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

திருச்சபைத் தீர்ப்பும் நாட்டின் தீர்ப்பும்

நம் குடும்பங்களுக்கே உரிய குழப்பம் ஒன்றையும் இங்கே நீக்கவேண்டும். மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் ஒரு திருமணம் தொடக்கத்திலேயே செல்லாதது என்று தீர்ப்பளித்தால், அது திருச்சபைக்குள் பொருந்தும். நாட்டின் சட்டத்தில் அந்த மணம் முடிவதில்லை. 1996-இலும், மீண்டும் 2017-இலும் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. திருச்சபைத் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மறுமணம் செய்பவர், நாட்டின் சட்டப்படி முதல் மனைவி இருக்கையில் மணந்தவரே ஆவார். அவ்வாறே, நாட்டின் நீதிமன்றம் தந்த மணமுறிவும் ஆலயத்தில் கொடுத்த வாக்கின் பிணைப்பை நீக்குவதில்லை. ஆனால் சில உரிமைகளையும் பிள்ளைகளின் பராமரிப்பையும் காக்க வேறு வழியே இல்லையெனில், நாட்டுச் சட்டப்படியான மணமுறிவைச் சகித்துக்கொள்ளலாம், அது ஒழுக்கக் குற்றமன்று என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2383-ஆம் எண்ணில் கூறுவது. அபாயமான வாழ்விலிருந்து விலகிப் பிரிந்து வாழும் உரிமையையும் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் பிரிவு ஏற்கிறது.

அதே தொகுப்பின் 1691-ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. திருமணம் செல்லாதது என்று தீர்ப்பளிக்கும்போதே, ஒருவருக்கொருவரும் பிள்ளைகளுக்கும் வாழ்வாதாரமும் கல்வியும் தரவேண்டிய கடமையைத் திருச்சபை நீதிபதி அவர்களுக்கு நினைவூட்டவேண்டும். பிணைப்பே இருந்ததில்லை என்று கூறும் தீர்ப்பிலும் கடமை எஞ்சி நிற்கிறது. நாட்டின் நீதிமன்றமும் வேறு பாதையில் நடந்து இதே இடத்துக்கு வந்திருக்கிறது. யார் குற்றவாளி என்ற விசாரணை பல ஆண்டுகள் நீளலாம். அதற்குள் ஒன்பது வயது மகள் பதின்மூன்று வயதாகிவிடுவாள். அவளுடைய பள்ளிச் செலவு அத்தீர்ப்புக்காகக் காத்திராது. ஆகையால் இத்தகைய துன்பத்தில் நிற்கும் எவரும் நம்மிடம் வழி கேட்டால், குற்றச்சாட்டுகளை அடுக்குமுன் வாடகை ரசீதையும், பள்ளிக் கட்டணச் சீட்டையும், மருந்துச் சீட்டையும் ஒரு பையில் சேர்த்து வைக்கும்படி முதலில் சொல்வோம். இரண்டாம் கேள்விக்கு விடை அந்தப் பையில்தான் இருக்கிறது.